'மா' எங்கே போனது?

பாகான் நக்கோடா ஓமார் சமய வகுப்புப் பிள்ளைகளுக்காக, ரிக் வேதத்தின் 7ஆம் மண்டலத்தில் வரும் மிருத்யுஞ்ஜய மந்திரத்துக்கு ஒரு நிமிடக் காணொளி செய்தேன். ஒவ்வொரு சொல்லும் ஒலிக்கும்போது அதன் பொருள் திரையில் வரும். கடைசிச் சொல் 'மாம்ருதாத்'. அதற்கு 'அமுதத்துக்காக' என்று போட்டிருந்தேன்.

ஆசிரியர் பார்த்துவிட்டு, "தம்பி, 'மா' எங்கப்பா போச்சு?" என்றார்.

அங்கேதான் தப்பு. அது மா + அம்ருதாத் என்று இரண்டு சொல். 'மா' என்றால் 'வேண்டாம்'. கடைசியில் வரும் 'ஆத்', நம்ம 'இலிருந்து' மாதிரி. முன்னால் வரும் 'பந்தனாத்' கட்டிலிருந்து என்றால், 'அம்ருதாத்' அமுதநிலையிலிருந்து. 'அமுதத்துக்காக' என்றால் 'அம்ருதாய' என்று முடிந்திருக்கும். ஆகவே வேண்டுதல் இதுதான்: வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து கழல்வதுபோல நான் மரணத்திலிருந்து விடுபடவேண்டும், அமுதநிலையிலிருந்து விடுபட வேண்டாம். நான் போட்டதில் அந்த 'வேண்டாம்' காணாமலே போயிருந்தது.

மறுபடி செய்தேன். ஓதும்போது சொல்லைச் சேர்த்தே காட்டினேன். ஓதி முடிந்ததும் இரண்டு நிறத்தில் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் பொருளைப் போட்டு, ஐந்து நொடி நிறுத்தினேன். நீங்களும் செய்தால் இதைப் பாருங்கள்: ஏதாவது ஒரு துண்டின் கீழே பொருள் இல்லாமல் இடம் காலியாக நின்றால், அங்கே ஒரு சொல்லை விழுங்கிவிட்டீர்கள்.