நின்ற வேலை, நிற்காத பாக்கி: ஹெச்.ஆருக்கு செட்டில்மென்ட் கடிதம் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பளப் பட்டியல் போடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் ஒன்று சொல்ல முடியும். "என் பணத்தைச் சீக்கிரம் தாருங்கள்" என்று வரும் கடிதம் கோப்புக்குள் போய்விடும். "எனக்கு வரவேண்டியது ரூ.1,23,986, கணக்கு இதோ" என்று வரும் கடிதத்துக்கு யாராவது பதில் எழுதியே ஆகவேண்டும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தது 3.6.2019, கடைசி நாள் 18.2.2026. மாதச் சம்பளம் 40,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 24,000; கீழே அடிப்படைச் சம்பளம் என்று வருவது இந்தத் தொகைதான். நோட்டீஸ் 60 நாள். இவர் இருந்தது 50 நாள்.

படி 1: காகிதங்களை முன்பே எடுத்து வையுங்கள்

கடைசி நாள் மாலையே ஆபீஸ் மெயில் மூடிவிடும். அதற்குள் நியமன உத்தரவு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மீதமுள்ள விடுப்பைக் காட்டும் பக்கம், ராஜினாமா ஏற்கப்பட்ட மெயில், லேப்டாப்பும் அடையாள அட்டையும் ஒப்படைத்ததற்கான கையெழுத்து ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். "லேப்டாப் வரவில்லை" என்ற ஒரு வரியில் செட்டில்மென்ட் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: கணக்கைப் போடுங்கள்

பிப்ரவரியில் 18 நாள் சம்பளம்: 40,000 ÷ 28 × 18 = 25,714. இதில் பி.எஃப். பிடித்தம், 18 நாளுக்கான அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,851.

மீதி விடுப்பு 14 நாள். இவருடைய நியமன உத்தரவில் அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கச் சொல்லியிருக்கிறது. ஒரு நாளுக்கு 800; ஆக 11,200.

பணிக்கொடையில்தான் பெரிய தொகை இருக்கிறது. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 30-ஆல் வகுத்தால் நமக்குத்தான் நஷ்டம். ஐந்து ஆண்டைத் தாண்டிய இவருடைய சேவை 6 ஆண்டு 8 மாதம் சொச்சம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் 7 ஆண்டு. 24,000 ÷ 26 × 15 × 7 = 96,923.

நோட்டீஸில் குறைந்த 10 நாளை நாமே கழித்துக் காட்டிவிட வேண்டும்; மறைத்தால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குப் போகும். உத்தரவில் "அடிப்படைச் சம்பளம்" என்றிருப்பதால் 800 × 10 = 8,000. இதையே மொத்தச் சம்பளத்தில் பிடித்தால் 13,333 ஆகிவிடும். தகராறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிளம்பும். உத்தரவின் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| 18 நாள் சம்பளம் | 25,714 |
| விடுப்புப் பணம் | 11,200 |
| பணிக்கொடை | 96,923 |
| பி.எஃப். பிடித்தம் | − 1,851 |
| நோட்டீஸ் பிடித்தம் | − 8,000 |
| வரவேண்டியது | 1,23,986 |

சேர்ந்திருக்கும் பி.எஃப். பணத்தை இதில் கலக்காதீர்கள். அது தனி வழி.

படி 3: கடிதம்

> மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: இறுதிக் கணக்குப் பாக்கி ரூ.1,23,986 – பணியாளர் எண் ….
>
> ஐயா / அம்மா,
>
> 3.6.2019 முதல் 18.2.2026 வரை கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். கம்பெனிப் பொருட்களைக் கடைசி நாளன்றே ஒப்படைத்துவிட்டேன். ஒப்படைத்ததற்கான கையெழுத்தின் நகல் இணைப்பில் உள்ளது. இன்றுவரை இறுதிக் கணக்கு வரவில்லை. சம்பளம் 2 வேலை நாளுக்குள்ளும், பணிக்கொடை 30 நாளுக்குள்ளும் தரப்பட வேண்டியவை. இரண்டு கெடுவும் முடிந்துவிட்டன.
>
> என் கணக்கு இணைப்பில் உள்ளது. இதில் மாறுபாடு இருந்தால் எந்த வரியில், எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையெனில் 10.4.2026-க்குள் என் சம்பளக் கணக்கில் தொகையைச் செலுத்தக் கோருகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, தேதி 25.3.2026)

முடிந்துவிட்டதாகக் கடிதம் சொல்லும் கெடு இரண்டும் சட்டத்தில் உள்ளவை. சம்பளத்துக்கான 2 வேலை நாள், ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. கோபம், பழைய மேனேஜர் கதை, வக்கீல் மிரட்டல் எதுவும் முதல் கடிதத்தில் வேண்டாம்.

படி 4: அனுப்புவதும் அதற்குப் பிறகும்

சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள். நகலை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு ரசீதை வைத்திருங்கள். போனில் "அடுத்த வாரம் வந்துடும் சார்" என்றால், அதையே அன்று மாலை ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தில் கொடுத்த கெடு தாண்டினால் இதே கணக்குத் தாளுடன் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். பணிக்கொடைக்கு அங்கே தனி மனு. தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

"எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை ரிலீவிங் லெட்டரோடு சேர்த்து நீட்டுவார்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் அதில் கையெழுத்துப் போடுங்கள்.