50ஆம் இடமும் 51ஆம் இடமும்: உதவித்தொகையின் பயனை அளப்பது எப்படி?

உதவித்தொகை பெற்ற மாணவர்களில் எத்தனை பேர் பள்ளிப்படிப்பை முடித்தார்கள் என்று கணக்கெடுப்பது எளிது. அவர்கள் முடித்தது உதவித்தொகையால்தானா என்று சொல்வதுதான் கடினம். கல்விக் கொள்கை மதிப்பீடு குறித்த மேற்படிப்பில் எனக்குத் தரப்பட்ட ஒப்படைப்பு இந்தக் கேள்வியைப் பற்றியதே. அதற்காக நான் எடுத்துக்கொண்டது கம்போடிய நாட்டின் ஓர் உதவித்தொகைத் திட்டம். உலக வங்கிப் பொருளியலாளர்களான டியோன் ஃபில்மரும் நார்பர்ட் ஷாடியும் அதை ஆராய்ந்துள்ளனர்.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். கம்போடியாவில் தொடக்கக் கல்வி 6ஆம் வகுப்போடு முடிகிறது. 7 முதல் 9ஆம் வகுப்பு வரை கீழ்நிலை இடைநிலைக் கல்வி. 6ஆம் வகுப்பு மாணவர்கள் தங்கள் வீட்டு நிலை, பெற்றோர் கல்வி முதலிய விவரங்களைப் படிவத்தில் நிரப்பினர். அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் இடைநிற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 100 பள்ளிகளில் செயல்பட்ட இத்திட்டத்தில், பெரிய பள்ளி ஒவ்வொன்றிலும் இடைநிற்கும் வாய்ப்பு மிகுந்த முதல் 25 பேருக்கு ஆண்டுக்கு 60 டாலர்; அடுத்த 25 பேருக்கு 45 டாலர். 51ஆம் இடத்தில் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. உதவி மூன்று ஆண்டுகளுக்கு.

உதவி பெற்றோரையும் பெறாதோரையும் அப்படியே ஒப்பிட்டால் என்ன ஆகும்? பெற்றவர்கள் ஏழ்மை மிகுந்தவர்கள், இயல்பாகவே இடைநிற்கக்கூடியவர்கள். எனவே உதவித்தொகை நன்கு பயன்பட்டிருந்தாலும் அதன் பயன் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். தேர்வு மதிப்பெண்ணால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்களில் நிலை தலைகீழ். அங்கே உதவி பெறுவோர் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள். பணம் இல்லாவிட்டாலும் பலர் படிப்பை முடித்திருப்பார்கள். அதனால் பயன் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இதற்கு வழி வெட்டுக்கோட்டின் அருகே இருக்கிறது. முதல் இடத்தில் உள்ள குழந்தைக்கும் 150ஆம் இடத்தில் உள்ள குழந்தைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் 50ஆம் இடத்தில் உள்ளவருக்கும் 51ஆம் இடத்தில் உள்ளவருக்கும் என்ன பெரிய வேறுபாடு இருந்துவிட முடியும்? வீட்டு நிலை ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்குப் பணம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்க வேறுபாடு. இதையே அளவுகோலாக்கும் முறைக்கு ரிக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி என்று பெயர். தமிழில் 'போக்குக்கோட்டு முறிவு' எனலாம்.

ஒரு பள்ளியின் 50ஆம், 51ஆம் மாணவரை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பள்ளிகளின் வெட்டுக்கோட்டையும் பூச்சியம் என வைத்து, கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பதைக் கொண்டு மாணவர்களை ஒன்றாகச் சேர்க்கிறோம். பிறகு இருபுறமும் ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எண்களில் இதைக் காட்டுகிறேன். கோட்டுக்கு முன்னுள்ள 20 இடங்களில் (31 முதல் 50 வரை) 9ஆம் வகுப்பை முடித்தோர் 75 விழுக்காடு. பின்னுள்ள 20 இடங்களில் (51 முதல் 70 வரை) 63 விழுக்காடு எனக் கொள்வோம். வேறுபாடு 12. ஆனால் இந்தச் சிறு இடைவெளிக்குள்ளும் வறுமை படிப்படியாகக் குறைகிறது. ஓர் இடம் தள்ளிப்போகப்போக முடிப்போர் விழுக்காடு அரை அளவு உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 என்பது கோட்டுக்குப் பத்து இடம் முன்னுள்ள சராசரி. ஆகவே போக்குக்கோட்டை வெட்டுக்கோடு வரை நீட்டினால் 80 ஆகும். 63 என்பது பத்து இடம் பின்னுள்ள சராசரி. அதை வெட்டுக்கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் 58. கோட்டில் விழும் முறிவு 80 – 58 = 22. சராசரிகளை மட்டும் கழித்திருந்தால் பயனில் ஏறத்தாழப் பாதியை இழந்திருப்போம்.

இந்த முறிவை நம்பலாமா என்று சோதிக்க வழிகள் உண்டு. முதலாவது, கோட்டுக்கு மிக அருகில் உதவி கிடைக்கும் பக்கத்தில் மட்டும் மாணவர்கள் குவிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குவிந்திருந்தால் யாரோ மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். கம்போடியத் திட்டத்தில் மதிப்பெண் பள்ளியில் அல்லாமல் மையமாகக் கணக்கிடப்பட்டது. எந்த விவரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது, பெற்றோர் கல்வி போன்று உதவித்தொகைக்கு முன்பே அமைந்துவிட்டவற்றைக் கோட்டின் இருபுறமும் ஒப்பிட வேண்டும். அவற்றிலும் முறிவு தெரிந்தால் இருபுறத்தாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். மூன்றாவது, 20 இடங்களுக்குப் பதிலாக 10 அல்லது 30 என்று மாற்றிப் பார்த்தாலும் விடை பெரிதும் மாறக் கூடாது.

ஃபில்மரும் ஷாடியும் கண்டது என்ன? 45 டாலர் உதவி பள்ளி வருகையை ஏறத்தாழ 25 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தியது. 25ஆம் இடத்தை ஒட்டிய இன்னொரு கோட்டில் 60 டாலரையும் 45 டாலரையும் ஒப்பிட்டபோது, கூடுதல் தொகையால் வருகை மேலும் உயரவில்லை. தொடர்ந்து படித்திருந்தால் 11ஆம் வகுப்பில் இருக்க வேண்டிய காலத்தில் அதே மாணவர்களை மீண்டும் ஆராய்ந்தனர். உதவி பெற்றவர்கள் சராசரியாக 0.6 வகுப்பு கூடுதலாக முடித்திருந்தனர். அதாவது பத்து மாணவர்களுக்கு மொத்தம் ஆறு வகுப்புகள் கூடுதல். ஆனால் அடைவுத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. பணம் குழந்தையை வகுப்பறையில் இருத்தியது. கற்றல் அதனால் மட்டும் கூடிவிடவில்லை.

இந்த முறையின் எல்லையையும் மறக்கக் கூடாது. இது கூறுவது கோட்டருகே இருக்கும் மாணவர்களைப் பற்றி மட்டுமே. முதல் இடத்தில் இருக்கும் மிக ஏழைக் குழந்தைக்கு 45 டாலர் போதுமா என்பதற்கு இதில் விடை இல்லை.

நம் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு இம்முறையைப் பொருத்த விரும்புவோர், வெட்டுக்கோடு எது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தகுதி மதிப்பெண் 40 விழுக்காடு. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 32 விழுக்காடு. ஆனால் தகுதி மதிப்பெண் பெற்ற எல்லாருக்கும் ஆண்டுக்கு ரூ.12,000 கிடைத்துவிடுவதில்லை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695 மட்டுமே. அவை இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகின்றன. எனவே உண்மையான கோடு, அந்தந்தப் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண்தான். 40 விழுக்காட்டில் கோட்டைப் போட்டால், அதன் அருகே இருபுறத்திலும் பெரும்பாலோர் உதவி பெறாதவர்களாகவே இருப்பர். முறிவே தெரியாது, உதவித்தொகையால் பயனில்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். இதைத் தவிர்க்க, படிப்பை முடித்தவர்களை எண்ணும் முன்பே, மதிப்பெண் வாரியாக உதவி பெற்றோர் விழுக்காட்டை வரைபடமாக வரைந்துவிட வேண்டும். அந்த வரைபடம் எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அதுவே கோடு.

அது 0 விழுக்காட்டிலிருந்து 100க்கு ஏறாமல் 80க்கு மட்டும் ஏறினால், தேர்வானவர்களில் சிலருக்குத் தொகை போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது, படிப்பை முடித்தோரில் தெரியும் முறிவு 8 புள்ளி என்றால், அதை 0.8ஆல் வகுக்க வேண்டும். தேர்வானதால் உண்மையில் பணம் கைக்கு வந்தவர்களிடம் ஏற்பட்ட பயன் 10 புள்ளி. திட்டத்தின் பயன் எவ்வளவு, அதில் வழியிலேயே நின்றுபோனது எவ்வளவு என இரண்டையும் ஒரே வரைபடத்திலிருந்து பிரித்து அறியலாம்.