பக்கத்து வீட்டை மட்டும் பார்த்தால் வேன் எங்கே மாட்டும்?

எபிசோடில் வாயால் சொன்னால் புரியாத கணக்கு இது, அதனால் எழுத்தில். பேப்பரில் ஒரு கோடு போட்டுக்கிட்டு படிங்க.

நேரான ஒரே சாலை. கடை 0 கிலோமீட்டரில். கிழக்கே அ 2-லும் இ 9-லும், மேற்கே ஆ 3-லும் ஈ 16-லும் இருக்கு. டெலிவரி வேன் நாலு வீட்டுக்கும் போய்விட்டு கடைக்குத் திரும்பணும்.

நியரஸ்ட் நெய்பர் முறை ரொம்ப எளிது: இப்போ நிற்கிற இடத்துக்கு மிக அருகில், இன்னும் போகாத வீடு எதுவோ அங்கே போ. கடையிலிருந்து அ (2). அங்கிருந்து ஆ 5, இ 7, எனவே ஆ. ஆ-விலிருந்து இ 12, ஈ 13, எனவே இ. மிச்சம் ஈ மட்டும்: 25. கடைக்குத் திரும்ப 16. மொத்தம் 60.

ஒவ்வொரு முடிவும் அந்த நேரத்துக்குச் சரிதான். ஆனா 60-ல் 41 கிலோமீட்டர் கடைசி இரண்டு ஓட்டத்தில் போயிடுச்சு. இந்த முறை சொதப்பியதற்கு அடையாளமே அதுதான்: தள்ளிப்போட்ட வீட்டுக்கான கடன் கடைசியில் வந்து நிற்கும்.

இதைத் திருத்துவது டூ-ஆப்ட். குரோஸ் என்பவர் 1958-ல் வெளியிட்ட முறை. பாதையில் இரண்டு இணைப்புகளை வெட்டி, நடுவில் உள்ள பகுதியைத் திருப்பிப் போட்டு ஒட்டணும். நீளம் குறைந்தால் வைத்துக்கொள்ளலாம். குறைக்க எதுவும் கிடைக்காத வரை திரும்பத் திரும்பச் செய்யணும்.

நம்ம பாதையில் அ–ஆ (5), ஈ–இ (25) இரண்டையும் வெட்டினால் 30 போகுது. அ–இ (7), ஆ–ஈ (13) சேர்த்தால் 20 வருது. புதுப் பாதை: கடை, அ, இ, ஆ, ஈ, கடை. மொத்தம் 50. இரண்டு கோடிக்கும் போய் வரவே 50 ஆகும் என்பதால் இதைவிடக் குறைக்க முடியாது.

```python
delta = d[p][r] + d[q][s] - d[p][q] - d[r][s]
if delta < -1e-9:
    tour[i+1:j+1] = tour[i+1:j+1][::-1]
```

இங்கே p, q, r, s முறையே அ, ஆ, இ, ஈ. `0` என்று எழுதாமல் `-1e-9` என்று எழுதக் காரணம், தசமப் பிழையால் ஒரே மாற்றத்தை முன்னும் பின்னும் செய்து லூப் முடியாமலே ஓடலாம்.

நான் மாட்டிக்கிட்டது வேறு இடத்தில். இந்த `delta` நான்கு இணைப்புகளை மட்டும்தான் பார்க்குது. திருப்பிப் போட்ட நடுப்பகுதியின் நீளம் மாறாது என்று அது நம்புது. ஒருவழிப்பாதை இருந்தால் அந்த நம்பிக்கை உடையும். நடுப்பகுதி போகும்போது 12, எதிர்த்திசையில் 24 என்றால், 10 மிச்சம் என்று கோட் சொன்ன இடத்தில் உண்மையில் 2 நஷ்டம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு முழுப் பாதையையும் கூட்டி, `delta` சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொரு எல்லையும் இருக்கு. ஒரே ஒரு வீட்டை எடுத்து வேறு இடத்தில் செருகினால் பாதை குறையும், ஆனா அதற்குப் பொதுவாக மூன்று இணைப்புகள் மாறணும். அந்த மாதிரி இடத்தில் டூ-ஆப்ட் நின்றுவிடும். ஒவ்வொரு வீட்டையும் தொடக்கமாக வைத்து ஓட்டிப் பாருங்க. மொத்தம் வேறு வேறாக வந்தால், சில ஓட்டங்கள் பாதியில் மாட்டியிருக்கு என்று அர்த்தம். எல்லாம் ஒன்றாக வந்தாலும் அதுதான் மிகக் குறைவு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடையோடு சேர்த்து 10 இடம் வரைக்கும் என்றால் மொத்தமே 1,81,440 பாதைகள்தான். அத்தனையையும் எண்ணிப் பார்த்துவிடலாம், ஊகமே வேண்டாம்.