முதலில் தேர்வு, பிறகு திருத்தம்: குழுப் படம் எடுக்கும் பாடம்



விற்பனைக் கண்காட்சிக்குப் பேனர் அடிக்கணும், மிளகுப் பாக்கெட்டில் குழுப் படம் ஒட்டணும் என்றால் நாமே செல்போனில் படம் எடுக்கிறோம். எடுத்ததும் வெளிச்சம் கூட்டுவது, நிறம் மாற்றுவது என்று உட்கார்ந்துவிடுகிறோம். எல்லாம் முடிந்து பேனர் வந்தபின்தான் தெரியும், ஓரத்தில் நிற்கும் அக்காவின் கண் மூடியிருக்கிறது. அந்தப் பேனர் தொங்கும் வரைக்கும் அவர் அப்படியேதான் தெரிவார். இதைத் தவிர்க்கும் வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எத்தனை படம் எடுக்கணும்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்கிட்டதற்காக, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2006-இல் பெற்றார்கள். 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை 3-ஆல் வகுக்கணும். வெளிச்சம் குறைவென்றால் 2-ஆல் வகுக்கணும். கரடியூரில் பனிமூட்டத்தில் 12 பேர் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 2-ஆல் வகுத்தால் 6 படம்.

"போனில் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு நொடியில் பத்துப் படம் விழுதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. ஒரு முறை கண் இமைக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை ஆகும். அதனால் ஒரே இமைப்பு அடுத்தடுத்த மூன்று நான்கு படத்திலும் விழும். ஆகவே அரை நொடி அழுத்தி விடுங்கள், இரண்டு மூன்று நொடி பொறுங்கள், மறுபடி அழுத்துங்கள். இப்படி 6 முறை செய்தால் சுமார் 30 படம் கிடைக்கும். இதற்குப் பெயர் பர்ஸ்ட். சில போன்களில் பட்டனை அழுத்திப் பிடிக்கணும். சிலவற்றில் பட்டனை ஓரமாக இழுக்கணும். சாம்சங் போனில் கேமரா செட்டிங்கில் Swipe Shutter button to என்ற இடத்தில் Take burst shot என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாத குறையைத்தான் முதலில் பார்க்கணும். வரிசை இதுதான்:

1. ஆடாத பொருளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னாலுள்ள குழுப் பலகையின் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் போன் ஆடியிருக்கிறது. அந்தப் படத்தை ஒதுக்குங்கள். எழுத்து தெளிவாக இருந்து ஒருவர் முகம் மட்டும் கலங்கியிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். அதுவும் ஆகாது.

2. மீதிப் படங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் திறந்திருக்கிறதா? யாராவது யாரையாவது மறைக்கிறாரா? 12 முகமும் பார்க்கணும். நம்ம முகத்தை மட்டும் பார்த்துவிட்டு "இது நல்லாயிருக்கு" என்று சொல்லக்கூடாது.

3. வெளிச்சம், சாய்வு இவற்றைக் கடைசியில் பாருங்கள்.

இப்போது மூன்று படம் மிஞ்சியது என்று வைப்போம். முதல் படம் பளிச்சென்று இருக்கு, எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒருவர் கண் மட்டும் மூடியிருக்கு. இரண்டாவது கொஞ்சம் இருட்டு, லேசாகச் சாய்ந்திருக்கு, ஆனால் 12 பேரும் தெளிவு. மூன்றாவதில் ஒருவர் பாதி மறைந்திருக்கிறார். எடுக்க வேண்டியது இரண்டாவதைத்தான். இருட்டையும் சாய்வையும் ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். மூடிய கண்ணைத் திறக்க வைத்தால் அது அவர் கண்ணாக இருக்காது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பின்னால் வெள்ளைப் பனி இருந்தால் போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்து, முகங்களைக் கருப்பாக்கிவிடும். ரொம்பக் கருத்த முகத்தை வெளுக்கப் போனால் புள்ளி புள்ளியாக வரும். ஆகவே எடுக்கும் முன் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.

லைவ் போட்டோ என்றால்?

ஐபோனில் லைவ் போட்டோ, மற்ற பல போன்களில் மோஷன் போட்டோ என்று உண்டு. ஐபோன், பட்டனைத் தொடுவதற்கு ஒன்றரை நொடி முன்னும் ஒன்றரை நொடி பின்னும் சேர்த்துப் பதிவு செய்யும். Edit-க்குள் போய், வேறு நொடியை நகர்த்தி, Make Key Photo என்பதைத் தொட்டால் அந்த நொடி படமாக மாறும். ஆனால் இடையிலிருந்து எடுக்கும் படம் வீடியோத் துண்டு போன்றது, நாம் எடுத்த மூலப் படத்தின் தெளிவு அதில் பொதுவாக இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பப் போதும், பெரிய பேனருக்குப் போதாது. பேனருக்கு பர்ஸ்ட் படம்தான் நல்லது.

தேர்ந்தெடுத்த படத்துக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் திருத்துங்கள். பேனர் கைக்கு வரும்வரை மற்ற படங்களை அழிக்காதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் குழுக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி, 12 பேரும் சரி என்ற பிறகு கொடுங்கள்.