மைனஸ் 30-இல் கார் பேட்டரி திணறினால்...

எட்மன்டன், சஸ்கட்டூன், வினிப்பெக் போன்ற கனடாவின் சமவெளி நகரங்களில் ஜனவரி இரவுக் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது உண்டு. முதல் நாள் மாலை ஒழுங்காக ஓடிய கார், மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் இழுத்து இழுத்துச் சுற்றும். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பல நேரங்களில் சார்ஜ் உள்ளேயே இருக்கிறது. வேண்டிய வேகத்தில் வெளியே வர மறுக்கிறது. இது சார்ஜ் குறையா, குளிரா, வயதா என்று பிரித்துப் பார்த்துவிட்டால் வீண் செலவு இல்லை.

1. முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றி, உள்விளக்குகளும் மங்கினால் பேட்டரியையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். இணைப்பைச் சோதிப்பது எளிது. ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது மற்றவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைக்க வேண்டும். அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் நடுவே பூத்துப்போன உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. கழற்றிச் சுரண்டி, இறுக்கிப் பூட்டினாலே வித்தியாசம் தெரியும்.

2. குளிர் என்ன செய்கிறது? ஈயத் தகடுகளின் நுண்துளைகளுக்குள் கந்தக அமிலம் ஊறி இறங்கினால்தான் மின்சாரம் பிறக்கும். ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளில் துளைக்குள் இருக்கும் அமிலம் சட்டென்று செலவாகிறது. அந்த இடத்துக்கு வெளியிலிருந்து புது அமிலம் வந்து சேர வேண்டும். குளிரில் திரவம் கெட்டியாகி நகர்வு மந்தப்படுவதால் வரவு செலவை எட்டுவதில்லை. வோல்டேஜ் சரிகிறது. மைனஸ் 18-இல், மிதமான வானிலையில் தரும் வேகத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பேட்டரி தருகிறது. அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் கேட்கும் மின்சாரம் கூடுகிறது. அதனால் கார்க் கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு 0டபிள்யூ வகை ஆயிலைப் போடுங்கள். பேட்டரியின் சுமையைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

3. பேட்டரி வாங்கும்போது லேபிளில் சி.சி.ஏ. எண்ணைப் பாருங்கள். கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ் என்பதன் சுருக்கம் அது. 600 சி.சி.ஏ. என்றால், மைனஸ் 18 டிகிரியில் புதுப் பேட்டரி 30 விநாடி நேரம் 600 ஆம்பியர் கொடுத்தும் வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாது என்று பொருள். அதன் பக்கத்திலேயே சி.ஏ. என்று இன்னொரு எண் இருக்கலாம். அது பூஜ்யம் டிகிரியில் அளந்தது, எப்போதும் பெரிதாகத் தெரியும். அதை வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். கையேடு சொல்லும் சி.சி.ஏ.வுக்குக் குறையக் கூடாது, சற்றுக் கூடினால் நல்லதே. ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும், அதிக எண்ணால் அது கருகாது.

4. பழைய பேட்டரியை அக்டோபரிலேயே சோதித்துவிடுங்கள். லேபிளில் 600 போட்ட, ஐந்து வயதான பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரின் சோதனைக் கருவி 380 என்று காட்டுகிறது. இத்தோடு தூக்கி எறிய வேண்டியதில்லை. காரை ஓட்டாமல் ஓர் இரவு விட்டு வோல்டேஜை அளந்து பாருங்கள். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் இருக்கிறது. சார்ஜரில் முழுதாக ஏற்றி மறுபடி சோதித்தால் 380 ஏறக்கூடும். 12.6-க்கு மேல் இருந்தும் 380 என்றால் சார்ஜ் முழுமை, தகடுதான் தேய்ந்துவிட்டது. தகட்டை அரித்தது பெரும்பாலும் கோடை வெயில். அது வெளியே தெரிவது குளிரில். இந்தப் பேட்டரி செப்டம்பரில் சிரமமில்லாமல் ஓடும், மைனஸ் 30-இல் கைவிட்டுவிடும். மாற்றிவிடுவது நல்லது.

5. வார்மர் பொருத்தினால் அதற்கு நேரம் கொடுங்கள். பேட்டரியைச் சுற்றிப் போர்த்தும் உறை, அடியிலோ பக்கத்திலோ வைக்கும் பட்டை என இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவை 60 முதல் 80 வாட். 16 கிலோ பேட்டரியின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 14 கிலோஜூல் வேண்டும். 80 வாட் உறைக்கு அது மூன்று நிமிட வேலை. மைனஸ் 30-இலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர, சூடு கொஞ்சமும் வீணாகாவிட்டாலும் ஒன்றரை மணி நேரம். வெளிக்காற்றில் வீணாவதையும் சேர்த்தால் பல மணி நேரம். காலையில் காப்பி போடும் நேரத்தில் பிளக்கைச் செருகிப் பயனில்லை. இரவே செருகிவிட வேண்டும். பத்து மணி நேரத்துக்கு 0.8 யூனிட்தான் செலவாகும்.

எஞ்சின் பிளாக் ஹீட்டர், பேட்டரி வார்மர் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் பிளாக் ஹீட்டரைத்தான் சொல்வேன். அது ஸ்டார்ட்டர் கேட்பதையே குறைக்கிறது. டைமர் வைத்து மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் போதும். வார்மர் உறை பேட்டரியின் மேல்புறக் காற்றுத் துளைகளை மூடக் கூடாது; வயர் பெல்ட்டில் உரசவும் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத உறையை மிதமான நாட்களில் செருக வேண்டாம். அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களில் சில பிளக்குகளுக்கு மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும், அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. 'ஹெட்லைட்டை ஐந்து நிமிடம் எரியவிட்டால் பேட்டரி சூடேறும்' என்று சொல்வதை நம்ப வேண்டாம். விளக்கு இழுக்கும் 10 ஆம்பியரால் பேட்டரிக்குள் பிறக்கும் சூடு ஒரு வாட் அளவுதான். ஒரு டிகிரி ஏறவே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள் சார்ஜ் காலியாகிவிடும்.

7. தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுபவர்களுக்கு வார்மரைவிட மெயின்டெய்னர் என்னும் சிறு சார்ஜர்தான் அவசியம். குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். அதற்குள் பின்கண்ணாடி ஹீட்டரும் இருக்கை ஹீட்டரும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் பங்கு கேட்கின்றன. ஒன்றிரண்டு ஆம்பியர் மெயின்டெய்னரை வாரம் ஓரிரவு மாட்டினால் பேட்டரி நிறைந்தே இருக்கும்.

8. நிறைந்த பேட்டரிக்கு இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. அதன் அமிலம் உறைய மைனஸ் 50-க்கும் கீழே போக வேண்டும். முற்றிலும் காலியான பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர், மைனஸ் 10-க்குள்ளாகவே உறைந்துவிடும். பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, கதவைத் திறந்தும் உள்விளக்கு எரியாவிட்டாலோ ஜம்பர் கேபிளை மாட்டாதீர்கள். உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் வெடிக்கலாம். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கழற்றி, காற்றோட்டமுள்ள கராஜில் நிமிர்த்தி வைத்து முழுதாக உருகவிடுங்கள். உருகியபின் கசிவு தெரிந்தால் பழைய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். கசியாவிட்டாலும் சார்ஜ் ஏற்றும் முன் கடையில் ஒருமுறை காட்டுங்கள். பனிக்கட்டி விரிந்ததில் உள்ளே தகடுகள் வளைந்திருக்கக்கூடும்.