மொழித்திறன்: அலங்காரப் பந்தியை எளிய நடையில் மாற்றி எழுதுதல்

“எங்கள் ஊரில் ஒரு மாலை” என்னும் தலைப்பு வந்தால், மாளிகாவத்தையைப் பற்றிப் பலர் இப்படித்தான் எழுதத் தொடங்குவர். பந்தியைக் கவனமாக வாசியுங்கள்.

“கதிரவன் என்னும் செங்கதிர்ச் செல்வன் மேற்றிசை மங்கையின் மடியில் தலைசாய்க்க, கார்முகில் கன்னியர் முத்துமழை சொரிய, வானளாவிய வனப்புமிகு தொடர்மாடியில் உலர்த்திய வண்ண வண்ண ஆடைகள் ஆயிரம் கொடிகளெனப் படபடக்க, கெத்தாராம விளையாட்டரங்கின் விளக்குகள் பகலைத் திருப்பித் தந்தன. மழை அரக்கன் ஆட்டத்தை நிறுத்தினான். மைதானம் படங்கென்னும் போர்வையைப் போர்த்திக்கொண்டது. மக்களின் மனக்கடலில் சோக அலைகள் பொங்கின.”

முதலில் நடந்தவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். மாலையானது, துணிகள் காற்றில் ஆடின, விளக்குகள் எரிந்தன, மழை பெய்தது, ஆட்டம் நின்றது, மைதானத்தை மூடினார்கள், மக்கள் வருந்தினார்கள். இப்படிப் பிரித்ததும் பந்தியின் பிழைகள் வெளியே தெரிகின்றன. முதலில் முத்தாக இருந்த மழை சற்றுப் பின் அரக்கனாகிவிட்டது. கார்முகில் வானத்தை மூடியிருந்தால் செங்கதிர் தெரிவது எப்படி? கொட்டும் மழையில் துணிகள் படபடக்குமா? நனைந்து தொங்கும். அலங்காரம் மிகும்போது எழுதுபவர் காட்சியைப் பார்ப்பதில்லை, சொல்லை மட்டுமே பார்க்கிறார்.

அடுத்து, ஒவ்வோர் உவமையையும் உருவகத்தையும் வேறோர் ஊருக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். மேற்றிசை மங்கையும் முகில் கன்னியரும் மன்னாருக்கும் பொருந்துவர், நுவரெலியாவுக்கும் பொருந்துவர். அவர்களை நீக்கினால் நட்டமில்லை. “வானளாவிய”, “வனப்புமிகு” என்பனவும் அப்படியே. படங்கு மூடத்தான் இருக்கிறது. அதைப் போர்வை என்பதால் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

விளக்குகள் பகலைத் திருப்பித் தந்தன என்பது வேறு வகை. 1986 இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு மாளிகாவத்தையில் இருக்கிறது. இரவு ஆட்டம் நடக்கும் நாளில் அதன் ஒளி அயலிலும் விழும். இந்த உருவகம் அந்த இடத்துக்கே உரியது, வைத்திருங்கள். கொடி உவமையும் அரங்கின் அயலில் பொருத்தமானதே. ஆனால் தமிழில் துணி காயும் கயிறும் கொடிதான். ஆகவே எந்தக் கொடி என்பதைத் தெளிவாக்க வேண்டும். “ஆயிரம்” வேண்டாம்.

இனி மாற்றி எழுதிய பந்தி:

“மாலையாகிவிட்டது. தொடர்மாடியில் காயப்போட்ட துணிகள், ஆட்டம் பார்ப்போர் அசைக்கும் கொடிகளைப் போலப் படபடத்தன. சற்று நேரத்தில் கெத்தாராம விளையாட்டரங்கின் விளக்குகள் பகலைத் திருப்பித் தந்தன. பிறகு மழை வந்தது. ஆட்டம் நின்றது. மைதானத்தைப் படங்கால் மூடினார்கள். பார்க்க வந்தவர்களின் முகம் வாடியது.”

துணிகள் மழைக்கு முன்னே வந்துவிட்டதால் காட்சியின் ஒழுங்கும் சரியாயிற்று. “முகம் வாடியது” என்பதும் ஒரு காலத்தில் உருவகமே. இன்று அது பேச்சில் கலந்த சாதாரணச் சொல். அலங்காரமென்று நினைத்து அதையும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் “கவலைப்பட்டார்கள்” என்றுதான் எழுத நேரும். அதில் முகம் தெரியாது.