வால் பூஜ்யத்தைத் தொடுகிறதா?

இரவுப் பணியில் வென்டிலேட்டர் திரையை போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறேன். அதில் எதை முதலில் பார்ப்பது? – ஐசியூ செவிலியர், மதுரை

அழுத்தக் கோட்டை விடுங்கள். ஃப்ளோ கோட்டின் வாலைப் பாருங்கள். மூச்சு வெளியேறும்போது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் கோடு, அடுத்த மூச்சுக்குள் மேலேறிப் பூஜ்யத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நுரையீரலில் காற்று தேங்குகிறது. ஆஸ்துமாக்காரர்களிடம் இது சகஜம்.

காற்று வெளியேறக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 24 மூச்சு என்றால் ஒன்றுக்கு 2.5 விநாடி. காற்று உள்ளே போக 1 விநாடி என்றால், வெளியேற 1.5தான் மிச்சம். டாக்டர் மூச்சு எண்ணிக்கையை 15 ஆகக் குறைத்தால் அதுவே 3 விநாடியாகும்.

போட்டோ எடுக்கும் முன் திரையை ‘ஃப்ரீஸ்’ செய்யுங்கள். பூஜ்யக் கோடும் ஓரத்து அளவு எண்களும் படத்தில் விழட்டும். அவை வெட்டுப்பட்டால், டாக்டர் உங்களைத்தான் போனில் அழைப்பார்!